உறைக்குள் இரண்டு அட்டைகள்: இத்தாலியத் திருமண அழைப்பிதழை வாசிக்கும் முறை

இத்தாலியில் ஒரு குடும்பம் பழைய முறை மாறாமல் திருமண அழைப்பு அனுப்பினால், உறைக்குள் இரண்டு அட்டைகள் இருக்கும். பெரியது நடுவில் மடித்த தடித்த தாள். அதன் பெயர் 'பார்தெச்சிபாட்சியோனே'. திருமணம் நடக்கப்போகும் செய்தியையும், மணமக்கள் யார், எந்த நாளில், எந்த ஆலயத்தில் என்பதையும் அது சொல்லும். சிறியது உள்ளங்கை அளவு அட்டை. அதன் பெயர் 'இன்வீதோ'. திருமணச் சடங்கு முடிந்ததும் நடக்கும் விருந்துக்கு வரச் சொல்வது அதுதான்.

எல்லாருடைய உறையிலும் இந்த இரண்டும் இருப்பதில்லை. நெருங்கிய உறவினருக்கும் நண்பருக்கும் இரண்டு அட்டைகளும் போகும். அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர், பழைய ஆசிரியர், பெற்றோருக்கு அறிமுகமானவர் ஆகியோருக்குப் பெரிய அட்டை மட்டும் போகும். பெரிய அட்டை மட்டும் வந்தவர் ஆலயத்துக்குப் போகலாம். ஆலயக் கதவு யாருக்கும் திறந்தே இருக்கும். பூசை முடிந்து மணமக்கள் படியிறங்கும்போது அரிசி தூவி வாழ்த்தலாம். அதன்பின் விருந்து நடக்கும் இடத்துக்கு அவர் போகக் கூடாது. அங்கே அவருக்கு இருக்கை போட்டிருக்க மாட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து போய் இத்தாலியில் வேலை செய்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அழகான அட்டை வந்ததும் விருந்துக்கு அழைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உறைக்குள் சின்ன அட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதில் அவமதிப்பு எதுவும் கிடையாது. தங்கள் வீட்டின் மகிழ்ச்சியான செய்தியை உங்களுக்கும் தெரிவிக்க அந்தக் குடும்பம் விரும்பியிருக்கிறது. அதற்கு ஒரு வாழ்த்துக் கடிதமோ தந்தியோ அனுப்பினால் முறை நிறைவாகிவிடும். திருமணத்துக்குத் தந்தி அடிக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்துவருகிறது. இத்தாலிய அஞ்சல் துறை தந்தி சேவையை இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்து நடத்தியிருக்கிறது.

பேசுவது யார்?

ஒரு மாதிரி அழைப்பிதழை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் படிப்போம். பெயர்கள் விளக்கத்துக்காக வைத்தவை. 'மாரியோ ரோஸ்ஸி' என்பது இத்தாலியர்கள் படிவங்களை நிரப்பிக் காட்டுவதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் பொதுப் பெயர். நம் மாதிரிப் பெண் வீட்டாரும் அந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளட்டும்.

மாரியோ ரோஸ்ஸி – ஆன்னா கோன்தி
தங்கள் மகள்
கியாரா
லூகா பியாங்கியை மணப்பதை அறிவிக்கிறார்கள்

மடிப்பின் மறுபக்கத்தில் லூகாவின் பெற்றோர் இதே அமைப்பில் தங்கள் மகனின் திருமணத்தை அறிவிப்பார்கள். இரண்டு பக்கங்களுக்கும் பொதுவாகக் கீழே நாளும் இடமும் வரும்:

சனிக்கிழமை 19 செப்டம்பர் 2026, மணி 16.30
சான் மினியாட்டோ அல் மோன்தே பசிலிக்கா
ஃப்ளோரன்ஸ்

முதல் வரியில் இருப்பவர்களே இந்த அட்டையில் பேசுகிறவர்கள். இங்கே பெற்றோர் பேசுகிறார்கள். 'அனுன்ச்சானோ' என்ற சொல்லால் அறிவிக்கிறார்கள். 'வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்' என்பது போன்ற வேண்டுகோள் பெரிய அட்டையில் எங்கும் வராது. வேண்டுகோளுக்கு உரிய இடம் சின்ன அட்டை.

இன்று பல மணமக்கள் இந்த அமைப்பை விட்டுவிட்டார்கள். முப்பது வயதைத் தாண்டி, சொந்தச் சம்பாத்தியத்தில், பல சமயம் ஏற்கெனவே ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டே திருமணம் செய்கிறார்கள். அவர்களுடைய அட்டையில் பெற்றோர் பெயர் இருக்காது. 'கியாராவும் லூகாவும் தங்கள் திருமணத்தை அறிவிக்கிறார்கள்' என்று நேரே தொடங்கிவிடும். முதல் வரியைப் பார்த்தாலே இந்தத் திருமணத்தை யார் முன்னின்று நடத்துகிறார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

பெயர்கள் சொல்லும் செய்தி

தந்தை ரோஸ்ஸி, தாய் கோன்தி. கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரோடு இருக்கும் நாடுகளிலிருந்து வருபவர்கள் இதைப் பார்த்ததும், பெற்றோர் பிரிந்துவிட்டார்கள் போலும் என்று எண்ணக்கூடும். அது தவறு. இத்தாலியப் பெண் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரிலேயே தொடர்கிறாள். 1975-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டச் சீர்திருத்தம், மனைவி தன் பெயரை வைத்துக்கொண்டு அதோடு கணவரின் குடும்பப் பெயரைச் சேர்க்கிறாள் என்று வகுத்தது. நடைமுறையில் அடையாள அட்டை, சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரே நிற்கிறது. அழைப்பிதழிலும் அதுவே வருகிறது.

பெற்றோர் உண்மையிலேயே பிரிந்திருந்தால் அதை அட்டையின் அமைப்பிலிருந்து தெரிந்துகொள்ளலாம். சேர்ந்து வாழ்பவர்களின் பெயர்கள் 'உம்' என்ற பொருள் தரும் 'எ' என்ற இணைப்புச் சொல்லோடு ஒரே வரியில் வரும். பிரிந்தவர்கள் ஒருவர் கீழ் ஒருவராகத் தனித்தனி வரியில் நிற்பார்கள். மறுமணம் செய்திருந்தால் புதிய துணையின் பெயரைச் சேர்ப்பது மரபல்ல. மகளின் திருமணத்தை அறிவிக்கும் உரிமை பெற்றவர்களுக்கே உரியது என்பது இதன் அடிப்படை.

பெற்றோரில் ஒருவர் காலமாகியிருந்தால் மற்றவர் மட்டும் அறிவிப்பார். இறந்தவர் பெயரில் அறிவிப்பு வெளிவராது. இருவரும் இல்லையென்றால் மணமக்களே அறிவிக்கிறார்கள். பெற்றோர் விவகாரம் சிக்கலாக இருக்கும் வீடுகளிலும் இதே வழியைத்தான் பலர் எடுக்கிறார்கள். யார் பெயர் முதலில், எது எந்த வரியில் என்ற மனத்தாங்கலுக்கே அப்போது இடமிருக்காது.

பெயரும் குடும்பப் பெயரும் வரும் வரிசையும் கவனிக்க வேண்டியது. முதலில் சொந்தப் பெயர், பிறகு குடும்பப் பெயர். குடும்பப் பெயரை முன்னால் போட்டு 'ரோஸ்ஸி மாரியோ' என்று எழுதுவது அரசுப் படிவத்தின் வழக்கம். அழைப்பிதழில் அப்படி அச்சாகிவிட்டால் இத்தாலியர் கண்ணில் உடனே உறுத்தும்.

பட்டங்களுக்கும் அட்டையில் இடமில்லை. அன்றாட வாழ்வில் இத்தாலியர்கள் பட்டங்களை விரும்பி அழைப்பவர்கள். பல்கலைக்கழகப் படிப்பை முடித்தவர் எல்லாரும் அங்கே 'தொத்தோரே', பொறியாளர் 'இஞ்ஜென்யேரே', வழக்கறிஞர் 'அவ்வொகாத்தோ'. ஆனாலும் தன் மகளின் திருமணத்தை அறிவிக்கும்போது மருத்துவரும் வெறும் மாரியோதான். பிரபுக் குடும்பத்துப் பட்டங்களின் கதை வேறு. 1948-இல் நடைமுறைக்கு வந்த குடியரசின் அரசியல் சட்டம் கோமகன், சீமான் போன்ற பட்டங்களை அங்கீகரிப்பதில்லை என்று அறிவித்தது. 1922 அக்டோபர் 28-க்கு முன்பே பட்டத்தோடு ஒட்டியிருந்த ஊர்ப்பெயரை மட்டும் பெயரின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. அதனால் சில அழைப்பிதழ்களில் குடும்பப் பெயர் மிக நீளமாக ஓடுவதைக் காணலாம்.

இடத்தை வைத்துச் சடங்கை அறிதல்

இடம் பற்றிய வரி, நடக்கப்போகும் சடங்கு எது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. ஆலயத்தின் பெயர் இருந்தால் கத்தோலிக்க முறைத் திருமணம். 'கொமூனே' எனப்படும் நகராட்சியின் மண்டபம் இருந்தால் பதிவுத் திருமணம். ஃப்ளோரன்ஸில் பதிவுத் திருமணம் என்றால் பலாட்சோ வெக்கியோ மாளிகையின் சிவப்பு மண்டபம் அட்டையில் இருக்கலாம். நகரத் தலைவரோ அவர் சார்பில் வருபவரோ பச்சை, வெள்ளை, சிவப்பு மூவண்ணப் பட்டையை அணிந்துகொண்டு நடத்தி வைப்பார்.

நம் மாதிரி அட்டையில் ஆலயம் இருக்கிறது. சான் மினியாட்டோ, ஃப்ளோரன்ஸ் நகரத்தை மேலிருந்து பார்க்கும் குன்றின்மேல் உள்ள பசிலிக்கா. பெனடிக்ட் சபைத் துறவிகள் அங்கே வாழ்கிறார்கள். அட்டையில் ஆலயம் மட்டும்தான் இருக்கிறது. அரசுப் பதிவு எங்கே என்று கேட்கத் தோன்றும். அது ஆலயத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஒன்றுபட்ட இத்தாலியின் 1865-ஆம் ஆண்டுச் சிவில் சட்டம், பதிவுத் திருமணத்தை மட்டுமே சட்டப்படி செல்லும் என்றது. ஆலயத்தில் மணந்தவர்கள் நகராட்சிக்கும் போய் இன்னொரு முறை மணக்க வேண்டியிருந்தது. 1929 பிப்ரவரி 11-இல் முசோலினி அரசும் திருச்சபையும் லாத்தரன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் ஒரு பகுதியான உடன்படிக்கை, ஆலயத் திருமணத்துக்கே சட்ட வலிமை கிடைக்க வழிசெய்தது. 1984-இல் அது திருத்தப்பட்டாலும் இந்த ஏற்பாடு நீடிக்கிறது. பூசையின் முடிவில் குருவானவர் சிவில் சட்டத்தின் 143, 144, 147 ஆகிய பிரிவுகளை மணமக்களுக்கு வாசித்துக் காட்டுவார். ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்பது, துணையாக நிற்பது, குடும்பத்தைச் சேர்ந்து வழிநடத்துவது, பிள்ளைகளை வளர்ப்பது பற்றிய பிரிவுகள் அவை. பிறகு மணமக்களும் சாட்சிகளும் இரண்டு அசல் பிரதிகளில் கையெழுத்திடுவார்கள். ஒன்று ஆலயத்தில் இருக்கும். மற்றொன்று ஐந்து நாளைக்குள் நகராட்சிக்குப் போய்ச் சேர வேண்டும். எனவே அட்டையில் உள்ள ஒரே முகவரியில் சமயச் சடங்கும் சட்டப் பதிவும் சேர்ந்தே முடிகின்றன.

ஆலயத்தின் பெயர் தாங்கிய அட்டைகள் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. 2018-இல் இத்தாலியில் நடந்த திருமணங்களில் பதிவுத் திருமணங்கள் முதல் முறையாகப் பாதியைத் தாண்டின. அங்கே மணவிலக்குக்குச் சட்டம் வந்தது 1970-இல்தான். மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்பவர்களுக்குத் திருச்சபை பொதுவாக ஆலயத் திருமணம் நடத்தி வைப்பதில்லை. அவர்கள் நகராட்சி மண்டபத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

அட்டைக்கு முன்னால் வரும் அறிவிப்பு

அச்சிட்ட அழைப்பிதழ் எவ்வளவு முறையாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வெறும் தாள். சட்டம் கேட்கும் அறிவிப்பு வேறு. அதற்கு 'புப்ளிகாட்சியோனி' என்று பெயர். மணமக்களின் பெயர், பிறந்த இடம், வசிக்கும் இடம் முதலிய விவரங்களை நகராட்சி பொது அறிவிப்பாக வெளியிடும். முன்பு நகராட்சி வாசலில் ஒட்டினார்கள். 2011 முதல் நகராட்சியின் இணையப் பலகையில் வருகிறது. ஆலயத் திருமணமாக இருந்தால் பங்கு ஆலயத்திலும் அறிவிப்பு ஒட்டப்படும். தடை சொல்ல நினைப்பவர் சொல்வதற்கான வாய்ப்பு இது.

அறிவிப்பு குறைந்தது எட்டு நாள் இருக்க வேண்டும். அது முடிந்து மூன்று நாள் கழிந்து, நான்காம் நாள் முதல் திருமணம் நடத்தலாம். 180 நாளுக்குள் நடத்தாவிட்டால் அறிவிப்பு காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் மாதிரித் திருமணம் செப்டம்பர் 19. கியாராவும் லூகாவும் ஆர்வ மிகுதியில் பிப்ரவரியிலேயே அறிவிப்பு வேலையை முடித்துவிட்டால், திருமண நாளுக்கு முன்பே 180 நாள் கடந்துவிடும். ஆலயத்தையும் விருந்து மாளிகையையும் ஓராண்டுக்கு முன்பே பேசி வைக்கிறார்கள். அறிவிப்பை அவ்வளவு சீக்கிரம் செய்ய முடியாது. ஆகவே மே, ஜூன் மாதங்களில் அறிவிப்பு வேலையைப் பார்ப்பது அவர்களுக்கு வசதி. ஆலயமும் குருவானவரும் நேரமும் எழுத்துப்படி உறுதியாகும் வரை அச்சகத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது. அச்சடித்த பிறகு பூசை நேரம் அரை மணி மாறினாலும் எல்லா அட்டைகளும் வீண்.

அழைப்பிதழ்கள் பொதுவாகத் திருமணத்துக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பு போகும். செப்டம்பர் திருமணத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆகஸ்ட் 15 'ஃபெர்ரகோஸ்தோ' விடுமுறையை ஒட்டி இத்தாலியின் பாதி வீடுகள் பூட்டியிருக்கும். எல்லாரும் கடலோரத்திலோ மலையிலோ இருப்பார்கள். ஜூலை கடைசியில் அனுப்பிய உறைகள் செப்டம்பர் வரை அஞ்சல் பெட்டியிலேயே கிடக்கும். ஜூன் மாதத்திலேயே அனுப்பிவிடுவதுதான் பாதுகாப்பு.

சின்ன அட்டையும் உறையும்

சின்ன அட்டையில் இரண்டு மூன்று வரிதான். 'சடங்குக்குப் பின் கியாராவும் லூகாவும் தங்களை ஃபியேசொலேயில் உள்ள மாளிகையில் வரவேற்று மகிழ்வார்கள்' என்பது போல ஒரு வரி. அதன் கீழே 'கிராதீதா கொன்ஃபெர்மா', அதாவது வருகையை உறுதிசெய்தால் மகிழ்வோம் என்ற வேண்டுகோள். சிலர் பிரெஞ்சு வழக்கப்படி ஆர்.எஸ்.வி.பி. என்று போடுவார்கள். பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளும் தொலைபேசி எண்ணும் அங்கே இருக்கும்.

இந்த வேண்டுகோள் மென்மையாக ஒலித்தாலும் பதில் கட்டாயம். இத்தாலியத் திருமண விருந்து இலையை எடுத்துப்போட்டு உட்காரவைக்கும் விருந்தாக இருப்பதில்லை. ஒவ்வொரு மேசையிலும் யார் எங்கே உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே பெயர் எழுதி வைப்பார்கள். உணவும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் பேசப்படுகிறது. சொல்லாமல் வந்தவருக்கு நாற்காலி இருக்காது. சொல்லிவிட்டு வராதவருக்கும் பணம் கட்டியாக வேண்டும்.

எத்தனை பேர் வரலாம் என்பதை அட்டை சொல்வதில்லை, உறை சொல்கிறது. உறையின்மேல் கணவன், மனைவி இருவர் பெயர் மட்டும் இருந்தால் இருவருக்கே அழைப்பு. 'ஃபமில்யா பியாங்கி' என்று குடும்பத்தை எழுதியிருந்தால் பிள்ளைகளும் சேர்த்தி. தனியாக இருப்பவர் ஒருவரை உடன் அழைத்து வரலாம் என்றால் அதையும் உறையில் குறிப்பார்கள். பெரியவர்கள் மட்டும் கூடும் மாலை விருந்துக்குக் குழந்தைகளோடு போய் நின்று சங்கடப்படுபவர்கள், பெரும்பாலும் உறையைக் கிழித்துப்போட்டுவிட்டு அட்டையை மட்டும் படித்தவர்களாகவே இருப்பார்கள்.

உறையின்மேல் பெயரைக் கையால் எழுதுவது மரபு. மை பேனாவில், நல்ல கையெழுத்து உள்ள ஒருவரை வைத்து எழுதச் சொல்வார்கள். ஒட்டுத்தாளில் அச்சிட்ட முகவரி குறைவாகக் கருதப்படுகிறது. தாளிலும் அக்கறை காட்டுகிறார்கள்: வெள்ளை அல்லது தந்த நிறம், சாய்ந்த கொடி எழுத்து, கறுப்பு அல்லது சாம்பல் மை. செலவு செய்ய முடிந்தவர்கள் அமால்ஃபி ஊரின் கைத்தாளைத் தேடுகிறார்கள். பருத்தித் துணிக் கூழிலிருந்து செய்யும் அந்தத் தாளின் ஓரம் வெட்டிய நேர்கோடாக இருக்காது. சற்றுப் பிசிறோடு இருக்கும்.

கீழே இருக்கும் முகவரிகள்

பெரிய அட்டையின் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில் முகவரிகள் இருக்கும். மணப்பெண் வீட்டு முகவரி ஒரு மூலையில், மணமகன் வீட்டு முகவரி மறு மூலையில், இருவரும் சேர்ந்து குடியேறப்போகும் வீட்டு முகவரி நடுவில். விருந்து அந்த வீடுகளில் நடக்கவில்லையே, எதற்கு இந்த முகவரிகள்? பரிசுக்கும் வாழ்த்துக்கும்தான். பழைய முறைப்படி, பரிசைத் திருமண மண்டபத்துக்குக் கையில் எடுத்துக்கொண்டு போவதில்லை. திருமணத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். பெரிய அட்டை மட்டும் வந்தவருக்கும் வாழ்த்து அனுப்ப இந்த முகவரி போதும். அவர் ஒரு பரிசும் சேர்த்து அனுப்பினால் அவருக்கும் 'பொம்போனியேரா' என்ற சிறு நினைவுப் பொருள் வந்து சேரும். அதனுடன் 'கொன்ஃபெத்தி' எனப்படும், சர்க்கரை பூசிய ஐந்து வெள்ளை வாதுமைப் பருப்புகள் இருக்கும். உடல்நலம், செல்வம், மகிழ்ச்சி, மகப்பேறு, நீண்ட ஆயுள் ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொன்று. இந்த மிட்டாய்க்கு மத்திய இத்தாலியின் சுல்மோனா ஊர் புகழ்பெற்றது.

பரிசுப் பட்டியலைப் பெரிய அட்டையில் போடக் கூடாது என்பதில் பெரியவர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள். எந்தக் கடையில் பட்டியல் இருக்கிறது என்பதைக் கேட்பவரிடம் வாயால் சொல்ல வேண்டும் என்பது பழைய ஒழுங்கு. இன்று வங்கிக் கணக்கு எண்ணை ஒரு தனித் துண்டுத் தாளில் அச்சிட்டு உறைக்குள் வைக்கிறார்கள். ஏற்கெனவே சேர்ந்து வாழ்பவர்களுக்குத் தட்டும் கரண்டியும் தேவைப்படுவதில்லை. தேனிலவுச் செலவுக்கு உதவினால் நல்லது என்று நினைக்கிறார்கள். அந்தத் துண்டுத் தாள் பெரிய அட்டை போனவர்களின் உறைக்குள்ளும் கவனக்குறைவாகப் போய்விட்டால்தான் வருத்தம் உண்டாகிறது. விருந்துக்கு அழைக்காமல் பணம் மட்டும் கேட்டதாக அது ஆகிவிடும்.

இந்த அட்டையின் முகம் இன்னும் மாறப்போகிறது. 2022-இல் இத்தாலிய அரசியல் சட்ட நீதிமன்றம், பிறக்கும் குழந்தைக்குத் தந்தையின் குடும்பப் பெயரை மட்டும் தானாகவே கொடுக்கும் விதியை நீக்கியது. இனித் தாய், தந்தை இருவரின் குடும்பப் பெயர்களையும் அவர்கள் ஒப்புக்கொள்ளும் வரிசையில் குழந்தைக்கு வைக்க வேண்டும்; இருவரும் சம்மதித்தால் ஏதேனும் ஒன்றை மட்டும் வைக்கலாம். நம் மாதிரி அட்டையில் தந்தை ரோஸ்ஸி, தாய் கோன்தி, மகள் வெறும் ரோஸ்ஸி. தாயின் பெயர் அறிவிப்பவரின் வரியில் ஒரு முறை வந்து, மகளின் வரிக்குள் வராமல் நின்றுவிடுகிறது. அந்தத் தீர்ப்புக்குப் பின் பிறந்த குழந்தைகள் மணம் புரியும் காலத்தில், மணமகளின் பெயர் 'கியாரா ரோஸ்ஸி கோன்தி' என்றோ 'கியாரா கோன்தி ரோஸ்ஸி' என்றோ அச்சாகலாம். அன்று பெற்றோர் பெயரே இல்லாமல் மணமக்கள் தாங்களாக அறிவிக்கும் அட்டையிலும், தாய் வீடு, தந்தை வீடு இரண்டும் மகளின் பெயருக்குள்ளேயே வந்து நிற்கும்.